விமான நிலையப் பணியில் தொடர: உரிமம், மருத்துவச் சான்று, மறுமதிப்பீடு ஆகியவற்றின் தேதிக் கணக்கு

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் தன் இருக்கையில் அமர்ந்து ஹெட்செட்டைச் செருகும்போது, அவரிடம் நான்கு விஷயங்கள் நடப்பில் இருக்க வேண்டும்: உரிமம், அந்த இருக்கைக்கு உரிய ரேட்டிங், மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சிப் பதிவு. எல்லோரும் பத்திரமாக உறையில் போட்டு வைப்பது முதலாவதை. ஆளைப் பணிப் பட்டியலிலிருந்து இறக்கிவிடுவதோ பெரும்பாலும் மற்ற மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். ஒன்று நின்றாலும் மற்றவை ஓடிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

இந்தியாவில் இந்த உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். கட்டுப்பாட்டாளர்களை வேலைக்கு வைத்திருப்பது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். இரண்டின் விதிகளும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ‘இணைப்பு 1’ என்ற ஆவணத்தை அடியொற்றியவை. கீழே நான் தரும் கால அளவுகள் அந்த ஆவணம் அனுமதிக்கும் உச்ச வரம்புகள். ஒரு நாடு இதைவிடக் கடுமையாக வைக்கலாம். ஆகவே கணக்குப் போடும் முறையை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். தேதியை உங்கள் சான்றில் அச்சாகியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ரேட்டிங்கைத் தனியாகப் பாருங்கள்

உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்து, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் உண்மையான விமானங்களைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். பிரயாக்ராஜில் உள்ள பயிற்சிக் கல்லூரி வழியாக வந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. உரிமம் ஒருவரைக் கட்டுப்பாட்டாளர் ஆக்குகிறது, அவ்வளவுதான். எந்த அறையில், எந்தப் பணி என்பதைச் சொல்வது ரேட்டிங். கோபுரத்துக்கு ஒன்று, நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கையாளும் அப்ரோச்சுக்கு ஒன்று, உயரத்தில் நெடுந்தூரம் கடப்பவற்றைப் பார்க்கும் ஏரியாவுக்கு ஒன்று. கடைசி இரண்டிலும் கண்காணிப்புத் திரையோடு ஒன்று, திரையில்லாத நடைமுறைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று என்று மேலும் பிரிகிறது.

தொடர்ந்து பயன்படுத்தாத ரேட்டிங் செல்லாது. எத்தனை காலம் பயன்படுத்தாவிட்டால் என்பதை நாடு முடிவு செய்யும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் போக முடியாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சென்னையைப் போலக் கோபுரம், அப்ரோச், ஏரியா மூன்றும் உள்ள இடத்தில் ஒருவரிடம் அப்ரோச், ஏரியா இரண்டு ரேட்டிங்கும் இருக்கலாம். ஆள் பற்றாக்குறையால் அவரை ஏரியாவிலேயே தொடர்ந்து உட்கார வைக்கிறார்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்த மனிதர், அப்ரோச் ரேட்டிங்கை இழந்து நிற்பார். தினமும் வேலைக்கு வருவதால் எல்லாம் நடப்பில் இருக்கும் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் நேராகக் கடைசியாக அமர்ந்த தேதியை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுவது ஒரு நிமிட வேலை. அலுவலகத்தின் கணினிப் பதிவை மட்டும் நம்பாதீர்கள். அதில் நீங்கள் நிலையத்துக்கு வந்த நேரம் இருக்கும், எந்த இருக்கையில் எவ்வளவு நேரம் என்பது சில சமயம் இருக்காது.

பயன்படுத்திக்கொண்டே இருந்தாலும் திறன் சோதனை உண்டு. சோதிப்பவர் பின்னால் நாற்காலி போட்டு, இரண்டாவது ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே பார்ப்பார். பிறகு வாய்மொழிக் கேள்விகள். அவசர நிலைகளுக்கு சிமுலேட்டர். இதில் தோற்பவர்கள் விதி தெரியாமல் தோற்பதை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. தோற்பது கேட்பதில். “டூ த்ரீ ஜீரோ” என்று உயரம் கொடுத்திருப்பார். விமானி “டூ டூ ஜீரோ” என்று திருப்பிச் சொல்வார். இவர் அதற்குள் அடுத்த விமானத்தை நினைத்தபடி தாளில் குறியிட்டுவிடுவார். காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. பத்து வருட அனுபவம் உள்ளவருக்கே இது அதிகம் நேர்கிறது, ஏனெனில் என்ன பதில் வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சோதனைக்கு முந்தைய வாரம் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, பணிநேரத்தில் ஒவ்வொரு பதிலையும் முழுதாகக் கேட்டு முடித்த பிறகே பேனாவைத் தாளில் வைப்பது என்று பழகுவது நல்லது. திறன் சோதனையில் தவறினால் உரிமம் பறிபோவதில்லை. அந்த இருக்கை மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டு, மேற்பார்வையில் மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை.

இரண்டாம் படி: மருத்துவச் சான்றின் தேதியை வயதோடு சேர்த்துப் பாருங்கள்

மூன்றாம் வகுப்புச் சான்று 40 வயதுக்கு உட்பட்டவருக்கு 48 மாதம் வரை செல்லும். 40 கடந்தால் 24 மாதம். 50 கடந்தவர்களுக்கு 12 மாதமாகக் குறைக்கும்படி ஐகாவோ பரிந்துரைக்கிறது. எந்த வயதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். பரிசோதனை நடக்கும் நாளில் என்ன வயதோ அதுவே கணக்கு. 39 வயதில் 48 மாதச் சான்று வாங்கியவருக்கு, 40 பிறந்ததும் அது பாதியாகச் சுருங்கிவிடாது.

இன்னொரு சலுகையும் உண்டு. பழைய சான்று முடிய 45 நாளுக்குள் பரிசோதனை செய்துகொண்டால், புதிய காலத்தைப் பழைய சான்று முடியும் தேதியிலிருந்து தொடங்கலாம் என்கிறது ஐகாவோவின் குறிப்பு. அதாவது முன்கூட்டிப் போனதால் நாள் நஷ்டமில்லை. 60 நாளுக்கு முன்பே போய்விட்டால், பரிசோதனை நாளிலிருந்தே கணக்கு தொடங்கும். இரண்டு மாதம் போயிற்று.

பரிசோதனையில் 40-ஐ ஒட்டியவர்கள் மாட்டிக்கொள்வது கண்ணில். ஒவ்வொரு கண்ணுக்கும் தூரப்பார்வை 6/9 வேண்டும், இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடி போட்டு இந்த அளவை எட்டினால் போதும். கிட்டத்தில் 30 முதல் 50 செ.மீ. தூரத்தில் என்5 அளவு எழுத்தையும், ஒரு மீட்டர் தூரத்தில் என்14 அளவு எழுத்தையும் படிக்க வேண்டும். அந்த ஒரு மீட்டர் ஏன் என்றால், திரை இருப்பது அங்கேதான். எல்லாவற்றையும் ஒரே கண்ணாடியில் செய்து காட்ட வேண்டும். வெள்ளெழுத்து தொடங்கியதும் கடையில் ஒரு படிக்கும் கண்ணாடி வாங்கி மூக்கு நுனியில் வைத்துக்கொள்பவர் இங்கே சிக்குவார்: கையில் உள்ள தாள் தெளியும், திரை மங்கும், ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை கலங்கும். பைஃபோகலோ புரொகிரசிவ் கண்ணாடியோ வாங்கி, அதற்குக் கண் பழக இரண்டு மூன்று வாரம் கொடுத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். புதுக் கண்ணாடியோடு மறுநாளே போய்த் தலைசுற்றலோடு எழுத்துப் பலகையைப் பார்ப்பது வேண்டாத சங்கடம். மாற்றுக் கண்ணாடி ஒன்று பணியிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. வீட்டு மேஜையில் இருந்தால் கணக்கில் வராது.

காதுக்கு 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. 3000-இல் 50 வரை விடுவார்கள். சளி பிடித்திருக்கும்போது இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முடிகிற விஷயத்துக்குத் தனி நிபுணர் அறிக்கை கேட்டு அலைய விடுவார்கள்.

சான்று கையில் இருக்கும்போதே உடல்நிலை குறைந்தால் தானாகவே பணியிலிருந்து விலக வேண்டியது உரிமதாரரின் கடமை. யாரும் சொல்லக் காத்திருக்கக் கூடாது.

மருந்துக்கடையில் கவனம்

டி.ஜி.சி.ஏ. 2022 ஜனவரி 31 முதல் விமானிகளோடு கட்டுப்பாட்டாளர்களுக்கும் போதைப்பொருள் சோதனையை நடைமுறைப்படுத்தியது. ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரைக் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து சிறுநீர் மாதிரி எடுப்பார்கள். தேடப்படுபவற்றில் கஞ்சா, கோகெய்ன் மட்டும் இல்லை. அபின்வகைப் பொருள்கள், பென்சோடயாசபின், பார்பிட்டுரேட் ஆகியவையும் உண்டு. சாதாரண மனிதருக்குப் பிரச்சினை இந்தக் கடைசி மூன்றில்தான். கோடீன் கலந்த இருமல் மருந்து அபின்வகையில் வரும். தூக்கம் வரவில்லை என்று பக்கத்து வீட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த அல்ப்ரஸோலம் பென்சோடயாசபின். முதல் சோதனை சந்தேகமாக வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை முடியும்வரை பணியில்லை. உறுதியானால் முதல் முறை போதை மீட்பு மையம். இரண்டாம் முறை மூன்றாண்டு உரிமம் நிறுத்தம். மூன்றாம் முறை ரத்து. எந்த மருந்தானாலும் சீட்டின் பிரதியை வைத்திருங்கள், மாதிரி கொடுக்கும் முன்பே படிவத்தில் எழுதுங்கள். பிறகு சொன்னால் அது சாக்காகவே கேட்கும். சீட்டு இருந்தால்கூடக் கோடீன் எடுக்கும் நாளில் இருக்கையில் அமரக் கூடாது என்பது வேறு.

மது வாசச் சோதனை 2019-ஆம் ஆண்டு விதியின்படி கட்டுப்பாட்டாளருக்கும் தரைப்பணி ஊழியருக்கும் பொது. குறைந்தது 10 சதவீதம் பேரை ஊதச் சொல்ல வேண்டும் என்பது அதன் அளவு. குடிக்காதவர்களும் இதில் மாட்டுவதுண்டு. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் நொதிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் தானே உருவாகும் ஆல்கஹால் இருக்கிறது, சீசாவின் மேலேயே எழுதியிருப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பணிக்குத் திரும்பும் நாளுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். வாய் கொப்பளிக்கும் திரவங்களின் சீசாவையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஆங்கிலத் தேர்ச்சி

நான்காம் நிலை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு, ஐந்தாம் நிலை என்றால் ஆறாண்டுக்கு ஒரு முறை, ஆறாம் நிலைக்கு ஐகாவோ விதியில் மறுமதிப்பீடு இல்லை. நான்குக்குக் கீழே போனால் பணியில்லை. உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு தலைப்பில் மதிப்பிடுவார்கள், சராசரி எடுப்பதில்லை. ஆறில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் நிலை. ஐந்தில் ஐந்தாம் நிலை, உச்சரிப்பில் மட்டும் நான்கு என்றால் நீங்கள் நான்காம் நிலைதான், மூன்றாண்டில் மறுபடி வர வேண்டும். முழுச் சரளமாகப் பேசுகிறேன் என்று திருப்தி கொள்வதைவிட, பலவீனமான ஒன்றைக் கண்டுபிடித்து அதில் உழைப்பதே லாபம்.

இந்த ஏற்பாடு வெறும் காகிதம் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 1996 நவம்பர் 12-ஐ நினைவூட்டலாம். தில்லிக்கு மேற்கே சர்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் மாண்டார்கள். கஜக் விமானம் ஒதுக்கிய 15,000 அடிக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினருக்குக் கட்டுப்பாட்டு அறையின் ஆங்கிலம் சரியாகப் பிடிபடாததும் விசாரணையில் பேசப்பட்டது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1987 செப்டம்பர் 1-இல் பிறந்த ஒரு பெண் கட்டுப்பாட்டாளரை வைத்துக்கொள்வோம். கடைசி மருத்துவப் பரிசோதனை 2023 செப்டம்பர் 20; அப்போது வயது 36, ஆகவே 48 மாதச் சான்று, 2027 செப்டம்பர் 20 வரை. ஆங்கிலம் நான்காம் நிலை, 2027 ஜூன் 5-இல் முடிகிறது. கருவுற்றிருக்கிறார்.

கர்ப்பிணிகளைப் பணிக்குத் தகுதியற்றவர் என்றே விதி தொடங்குகிறது. சிக்கலில்லாத கர்ப்பம் என்று மகப்பேறு மருத்துவர் சொல்லி, கண்காணிப்பும் தொடர்ந்தால், 34-ஆம் வாரத்தின் முடிவு வரை பணி பார்க்கலாம் என்பது ஐகாவோவின் பரிந்துரை. இவருக்கு அது 2027 ஜனவரி 12 என்று கொள்வோம். மறுநாள் முதல் 26 வாரப் பேறுகால விடுப்பு. 182 நாள். விடுப்பு முடிவது ஜூலை 13. திரும்புவது ஜூலை 14.

இப்போது ரேட்டிங். கடைசியாக அமர்ந்தது ஜனவரி 12. ஆறு மாதம் முடிவது ஜூலை 12. இரண்டே நாளில் ரேட்டிங் போய்விட்டது. சட்டம் தந்த விடுப்பும் உரிம விதியின் எல்லையும் ஒன்றையொன்று இவ்வளவு நெருக்கமாக உரசிக்கொள்கின்றன. இதைப் பார்த்ததும் விடுப்பை இரண்டு நாள் குறைத்துக்கொள்ளலாமே என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் விலகியிருந்தவர், தேதி மிச்சமிருந்தாலும் மேற்பார்வையோடு சில நாள் உட்காராமல் தனியாக விமானங்களைக் கையாளுவது யாருக்கும் நல்லதில்லை. செய்ய வேண்டியது, ஜூலை நடுவில் தனக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும் என்பதை ஜனவரியிலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது. கொடுக்காவிட்டால், ஜூலையில் போய் நிற்கும்போது பயிற்றுநர்கள் புதியவர்களோடு முடங்கியிருப்பார்கள். இவர் ஆகஸ்டு வரை மேஜை வேலை பார்ப்பார்.

ஆங்கிலம் விடுப்பின் நடுவில் முடிகிறது. டிசம்பரிலேயே எழுதி முடித்துவிட்டால் ஆறு மாதம் குறையும், ஆனால் கைக்குழந்தையோடு ஜூன் மாதத்தில் தேர்வு மையத்தைத் தேட வேண்டாம்.

பேறுக்குப் பின் மருத்துவ மறுபரிசீலனை முடியாமல் எந்த இருக்கையும் இல்லை. பயிற்சி இருக்கையும் அப்படித்தான், ஏனெனில் அங்கும் கட்டுப்படுத்தப்படுவது உண்மையான விமானம். ஆகவே வரிசை இது: முதலில் மருத்துவர், பிறகு மேற்பார்வைப் பயிற்சி, பிறகு திறன் சோதனை. வரிசை மாறினால் ஒரு வாரம் வீண்.

கடைசியாகச் சான்றுப் புதுப்பித்தல். எப்படியும் ஜூலையில் மருத்துவரிடம் போகிறோமே, அதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் புதிய சான்று 2031 ஜூலை வரை. ஆகஸ்டு 6 முதல் போனால் 45 நாள் சலுகைக்குள் வந்துவிடும். 2031 செப்டம்பர் 20 வரை கிடைக்கும். ஆனால் செப்டம்பர் 1 வந்ததும் இவருக்கு 40 நிறைகிறது. செப்டம்பர் 2-ஆம் தேதி பரிசோதனைக்குப் போனால் 24 மாதம்தான், 2029 செப்டம்பர். ஆகவே போக வேண்டிய நாள்கள் ஆகஸ்டு 6 முதல் 31 வரை.

தரைப்பணி ஊழியருக்கு

பெட்டி ஏற்றுபவர், டிராக்டர் ஓட்டுபவர், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக் வண்டி இயக்குபவர் ஆகியோருக்கு இந்தியாவில் கட்டுப்பாட்டாளரைப் போல டி.ஜி.சி.ஏ. தனிநபர் உரிமம் இல்லை. அவர்களிடம் இருப்பது ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய அனுமதிகள். அடியில் இருப்பது சரிந்தால் மேலே உள்ளவை எல்லாம் சரியும்.

அடியில் இருப்பது நுழைவு அனுமதிச் சீட்டு. பின்னணிச் சரிபார்ப்பும் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியும் முடிந்த பிறகே கிடைக்கும். அதன் மேல் விமான நிலையம் தரும் உள்வளாக ஓட்டுநர் அனுமதி. அதற்கு அடிப்படை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தந்த ஓட்டுநர் உரிமம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டு செல்லும். அதே திருத்தம் முன்பிருந்த 30 நாள் அவகாசத்தை எடுத்துவிட்டது. காலாவதியான மறுநாளே அந்த உரிமம் செல்லாது, அதை நம்பி நிற்கும் உள்வளாக அனுமதியும் செல்லாது. விமான நிலைய அட்டையில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று காட்டுவதால் ஓட்டுநர் நிம்மதியாக இருப்பார், ஆர்.டி.ஓ. அட்டை போன வாரமே முடிந்திருக்கும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம், மூன்று மாதத்துக்கு முன் போனால் போதும்.

அடுத்தது ஆபத்தான பொருள்கள் பற்றிய பயிற்சி. இதை 24 மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். பெட்டி ஏற்றுபவர் ரசாயனம் படிக்கத் தேவையில்லை. வைர வடிவ முத்திரையைப் பார்த்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும். லித்தியம் பேட்டரிக் குறியுள்ள அட்டைப்பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் ஏற்றாமல் மேற்பார்வையாளரை அழைக்கத் தெரிய வேண்டும். இதிலும் மருத்துவச் சான்றைப் போல ஒரு சலுகை உண்டு. சான்று 2028 மார்ச் 20-இல் முடிகிறது என்றால், கடைசி மூன்று மாதத்துக்குள், அதாவது ஜனவரி 10-இல் பயிற்சி முடித்தால் அடுத்தது 2030 மார்ச் 20 வரை. வகுப்பில் இடம் இருக்கிறது என்று டிசம்பர் 10-இல் அனுப்பினால் 2029 டிசம்பர் 10 வரைதான். நூறு பேரை வேலைக்கு வைத்திருக்கும் மேற்பார்வையாளருக்கு இந்த வித்தியாசம் சில ஆண்டுகளில் ஒரு முழு வகுப்பின் செலவு.

வண்டி மாறினால் அனுமதியும் மாறும். பெட்டி டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் புஷ்பேக் வண்டியில் ஏறக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் நிறுவனம் தனியாகப் பயிற்சி அளித்து, செய்து காட்டச் சொல்லி, கையெழுத்திட வேண்டும். இரவுப் பணியில் ஆள் குறைந்து, “நீயே எடுத்து வைத்துவிடு” என்று யாராவது சொல்லும்போது இது மறக்கப்படும். அந்த நேரத்தில் உரசல் ஏதும் நடந்தால், விசாரணையில் முதலில் எடுக்கப்படும் காகிதம் அந்தக் கையெழுத்துதான். சொன்னவரின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது.